கடை மூடியிருக்கும் நேரத்துக்கு ஒரு பதில்

நான் வீட்டிலிருந்தே துணிப்பை தைத்து விற்கிறேன். ஆர்டரெல்லாம் என் சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர்களின் செய்திகளுக்கு நடுவே புதைந்துபோய், ஒரே வாரத்தில் இரண்டு பேருக்குப் பதிலே போகவில்லை. அதன்பிறகுதான் வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாறினேன். ஒரே எண்ணை இரண்டு ஆப்பிலும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் புது சிம் வாங்கினேன்.

பொருட்களைப் படத்தோடு காட்ட அந்த ஆப்பில் இருக்கும் கேட்டலாக்கில் முதலில் ஒவ்வொரு நிறத்தையும் தனிப் பொருளாகப் போட்டேன். ஒன்பது மாடலுக்கு முப்பதுக்கு மேல் வந்துவிட்டது, பார்ப்பவர்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு பொருளுக்குப் பத்துப் படம் வரை சேர்க்கலாம். அதனால் மாடலுக்கு ஒரு பொருள், நிறங்களெல்லாம் அதற்குள் படங்கள் என்று மாற்றினேன். விவரத்தில் நீள அகலத்தையும் எழுதினேன். "லேப்டாப் உள்ளே போகுமா?" என்ற கேள்வி நன்றாகவே குறைந்தது. புதிதாகச் சேர்க்கும் பொருளை வாட்ஸ்அப் சரிபார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குக் காட்டும், எனவே உடனே தெரியவில்லையே என்று மறுபடி போட வேண்டாம்.

முன்கூட்டியே எழுதி வைக்கும் பதிலான குவிக் ரிப்ளை ஐம்பது வரை வைக்கலாம். நான் ஒரு வாரத்துச் சாட்டைப் புரட்டி, திரும்பத் திரும்ப வந்த நான்கு கேள்விகளுக்கு மட்டும் எழுதினேன். `/wash` என்று அடித்தால் துவைக்கும் முறை வந்து நிற்கும். அது தானாகப் போய்விடாது. அனுப்புவதற்கு முன் கேட்டவர் பெயரையோ பையின் நிறத்தையோ சேர்த்துக்கொள்ளலாம், அதுதான் எனக்குப் பிடித்தது.

நாம் இல்லாத நேரத்தில் தானாகப் போவது அவே மெசேஜ். என்னை அலைக்கழித்ததும் அதுதான். ப்ரொஃபைலில் வேலை நேரம் காலை 10 முதல் மாலை 6 வரை என்று குறித்துவிட்டு, Outside of business hours என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இரவு எட்டு மணிக்கு அக்காவை ஒரு செய்தி போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"ஒண்ணும் வரலையேடி" என்றாள்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி செய்தேன், அப்போதும் வரவில்லை. அப்புறம்தான் கீழே இருந்த பெறுநர் பகுதியைப் பார்த்தேன். காண்டாக்டில் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று நானே வைத்திருக்கிறேன், அக்கா எண்ணோ சேமித்த எண். எல்லோருக்கும் என்று மாற்றியதும் அவளுக்கு வந்தது. பழைய வாடிக்கையாளர்களை நான் பெயரோடு சேமித்து வைப்பதால் அதுதான் எனக்குச் சரியாகவும் இருந்தது.

அதற்கடுத்த வாரம், இரவில் எழுதிய இருவருக்குப் பதில் போகவில்லை. தூங்கப் போகும்போது நெட்டை அணைத்துவிடுவது என் பழக்கம். போனில் இணையம் இருந்தால்தான் அவே மெசேஜ் போகும். இப்போது அந்த போன் இரவு முழுக்க வைஃபையிலேயே இருக்கிறது, சத்தத்தை மட்டும் குறைத்துவிடுகிறேன்.

வாசகத்தையும் மாற்றினேன். "விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று இருந்ததை எடுத்துவிட்டு, "காலை 10 மணிக்குப் பிறகு பதில் தருகிறேன். அதற்குள் கேட்டலாக்கில் பிடித்த பையைத் தேர்ந்தெடுத்து அனுப்பி வையுங்கள்" என்று எழுதினேன். காலையில் போனைத் திறந்தால் சிலர் பையையே தேர்ந்து அனுப்பியிருக்கிறார்கள்.