மண் போட்டு மூடினால் நெருப்பு அணைந்துவிடுமா?

ஆற்றங்கரையில் நாங்கள் இறங்கிய இடத்தில் எங்களுக்கு முன்னால் யாரோ சமைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று கல், நடுவில் மண் குவியல். ஆறிப்போனதாகத்தான் தெரிந்தது, ஆனால் ஒரு குச்சியை விட்டுக் கிளறியதும் உள்ளே கங்கு சிவப்பாக எட்டிப் பார்த்தது. மண் போட்டால் சூடு வெளியே போகாமல் அடைபட்டுக்கொள்ளும், காற்று மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருக்கும், அதனால் கங்கு மணிக்கணக்கில் அணையாது. வெறுங்காலோடு ஒரு குழந்தை அதன்மேல் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலில் அதை அணைத்துவிட்டுத்தான் எங்கள் வேலையைப் பார்த்தோம்.

எங்கள் அடுப்புக்குக் கிளைகள் தலைக்கு மேல் இல்லாத இடமாகப் பார்த்தோம். சுற்றிலும் மூன்று மீட்டர் அகலத்துக்குச் சருகு, காய்ந்த புல் எல்லாவற்றையும் வாரி, வெறும் மண் தெரியும்வரை சுரண்டினோம். மேலாகப் பெருக்கினால் போதாது. அடியில் மட்கிய இலையும் வேரும் இருந்தால் அதில் பற்றிய நெருப்பு புகைந்துகொண்டே போய் வேறெங்கோ தலைகாட்டும். அடுப்புக் கல்லையும் ஆற்றுக்குள்ளிருந்து எடுக்கவில்லை. ஈரம் ஊறிய கல் சூடேறினால் உள்ளே நீராவி கட்டி வெடித்துத் தெறிக்கலாம்.

இரண்டு வாளி தண்ணீர் பக்கத்துக்கு வந்த பிறகுதான் தீக்குச்சியை உரசினோம். கூடாரம் காற்று வரும் பக்கத்தில், அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி. பாதிச் சமையலில் காற்று திசை மாறி, புகை படுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது, கூடவே பொறியும் பறந்தது. அப்புறம் என்ன, விறகை இழுத்துவிட்டுச் சிறு தீயில் முடித்தோம். சோறு கொஞ்சம் குழைந்தது, பரவாயில்லை. காற்று இன்னும் வலுத்திருந்தால் அணைத்தே இருப்போம்.

கிளம்ப அரை மணி நேரம் முன்பே அணைக்கும் வேலை ஆரம்பம். ஒரேயடியாகக் கொட்டினால் சூடான ஆவியும் சாம்பலும் முகத்துக்கு வரும், அதனால் காற்று வரும் பக்கம் நின்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். 'உஸ்ஸ்' சத்தம் நின்றதும் முடிந்தது என்று நினைப்பதுதான் வழக்கம், ஆனால் மேல் சாம்பல் சேறாகிவிட்டாலும் அடியில் காய்ந்த சாம்பல் அப்படியே இருக்கும். குச்சியால் அடிவரை கிளறி, மறுபடி ஊற்றினோம், மறுபடி 'உஸ்ஸ்'. பாதி எரிந்த கட்டைகளைப் புரட்டிக் கரியைச் சுரண்டிவிட்டு நனைத்தோம், கற்களையும் புரட்டி அடியில் ஊற்றினோம். சத்தமும் ஆவியும் சுத்தமாக நின்றபின் புறங்கையை முதலில் சாம்பலுக்கு மேலே காட்டி, சூடு தெரியாததால் மெல்லத் தொட்டும் பார்த்தேன். ஓர் ஓரம் இன்னும் வெதுவெதுப்பு, அங்கே இன்னும் அரை வாளி போனது.

தண்ணீர் குறைவான இடமென்றால் ஈர மண்ணைக் கங்கோடு சேர்த்துக் கிளறிக் கிளறி ஆறவைக்கலாம், நேரம் நிறையப் பிடிக்கும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் அங்கே அடுப்பு மூட்டாமல் கட்டுச்சோறு கொண்டுபோவது நல்லது.