கோத்தகிரி நாட்குறிப்பு: மிக்ஸி ஜாரும் கோபக்காரரும்

நவம்பர் 6, வியாழன்

குரல் தேர்வு வீட்டிலிருந்தே, போனில். வேலை கோயம்புத்தூரில், தமிழும் ஆங்கிலமும் பேசும் வாடிக்கையாளர் சேவை. காலையிலிருந்து மழை. எங்கள் தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

முதலில் திரையில் வந்த வாக்கியங்களை வாசிக்கச் சொன்னார்கள். அது சுலபம். அடுத்து, ஒரே ஒரு முறை காதில் விழும் வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சிறியதாய்த் தொடங்கி நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துவைக்கப் பார்த்தேன், பாதியில் நழுவியது. அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டபோது சொற்கள் தானாக வந்தன. 'ஜீரோ'வில் ஒருமுறை 'சீரோ' என்று வாய் போனது. திருத்திக்கொள்ள நின்றிருந்தால் அடுத்த வாக்கியமும் போயிருக்கும். விட்டுவிட்டேன். சாயங்காலம் தேர்ச்சி என்று செய்தி வந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

அண்ணன் கேஸ் ஏஜென்சி கவுண்டரில் இருக்கிறான். சிலிண்டர் வரவில்லை என்று திட்டு வாங்குவதில் ஆறு வருட அனுபவம். இரவு அவனே கோபக்காரராக நடித்தான். நான் இரண்டாவது வாக்கியத்திலேயே "கோபப்படாதீங்க சார்" என்றேன்.

"அதச் சொன்னா கூடத்தான் கோபம் வரும். வர்றவன் என்ன கேக்கிறான்னு முதல்ல அவன்கிட்டயே திருப்பிச் சொல்லு. தப்பா இருந்தா அவனே திருத்துவான். அப்பவே பாதி சத்தம் இறங்கிடும்" என்றான்.

அம்மா நடுவில் வந்து, "ராத்திரி எதுக்கு இப்படிச் சண்டை போடுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நவம்பர் 13, வியாழன்

மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை. பத்து மணிக்கு உள்ளே போனேன்.

தட்டச்சு ஐந்து நிமிடம். 850 முறை விசை அழுத்தியிருந்தேன். ஐந்து அழுத்தம் ஒரு சொல் என்பது கணக்கு. அப்படியானால் 170 சொற்கள், நிமிடத்துக்கு 34. திருத்தாமல் விட்ட பிழை பத்து, அதாவது நிமிடத்துக்கு இரண்டு. கழித்தால் 32. அந்தப் பத்தில் ஆறு, முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி விட்டது. டைப்ரைட்டிங் லோயரில் கற்ற பழக்கம்! அங்கே அதுதான் சரி, இங்கே அதுவே பிழை. நல்லவேளை, அவர்கள் கேட்டது 30.

அப்புறம் ரோல் ப்ளே. கையில் ஒரு தாள் கொடுத்தார்கள்: உடைந்த பொருளை 48 மணி நேரத்தில் வந்து எடுப்பார்கள், எடுத்தபின் ஐந்து முதல் ஏழு வேலை நாளில் பணம் திரும்பும். தேர்வு நடத்திய மேடம்தான் கோபக்கார வாடிக்கையாளர். ஹெட்செட் மாட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முகம் தெரியாமல் பேசும்போதுதான் குரலில் உள்ளது தெரிகிறது.

"மிக்ஸி ஜார் உடைஞ்சு வந்திருக்கு. இது மூணாவது போன். ஒவ்வொருத்தருக்கும் முதல்லேருந்து கதை சொல்லணுமா?"

நான் தாளில் இருந்த விதியைச் சொல்லத் தொடங்கினேன். குரல் இரண்டு மடங்கு ஏறியது. அப்போதுதான் உறைத்தது: அவர் ஜாரைவிட மூன்றாவது போனுக்காகத்தான் கொதிக்கிறார். நிறுத்தினேன். "ஜார் உடைஞ்சு வந்தது, மூணு தடவை சொல்ல வேண்டியதாயிடுச்சு, அதுக்கு மன்னிச்சுக்கோங்க. திரும்பச் சொல்ல வேண்டாம், புகார் எண் மட்டும் கொடுங்க, முன்னாடி பேசினதை நானே படிச்சுப் பார்க்கிறேன்" என்றேன். கொஞ்சம் மௌனம். எண்ணைச் சொன்னார்.

"இரண்டு நிமிஷம் லைன்ல இருக்க முடியுமா?" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகே ஹோல்டில் போட்டேன். திரும்பி வந்ததும் காத்திருந்ததற்கு நன்றி.

அடுத்ததுதான் கண்ணி. "சனிக்கிழமை பணம் கைக்கு வந்துடும்ல? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லும்மா." குரல் தணிந்து, கெஞ்சலாகக்கூட இருந்தது. 'ஆமா' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தாளின் ஓரத்தில் விரல் வைத்து எண்ணினேன். சனிக்கிழமை, 15ஆம் தேதி, பொருளை எடுப்பது. திங்களிலிருந்து எண்ணினால் ஏழாவது வேலை நாள் 25, செவ்வாய்.

"சனிக்கிழமைக்குள்ள ஜாரை வந்து எடுத்துப்பாங்க மேடம். பணம் 25ஆம் தேதிக்குள்ள வரும். அதுக்கு முன்னாடி வரும்னு என்னால சொல்ல முடியாது."

மறுபடி கத்தினார். மேலாளரைக் கேட்டார். நான் தேதியை மாற்றவில்லை. மேலாளர் பேச ஏற்பாடு செய்கிறேன், அவரிடமும் நீங்கள் கதை சொல்லத் தேவையில்லாதபடி குறிப்பு எழுதிவிடுகிறேன் என்றேன்.

மேடம் திரும்பி, "முதல்ல விதியை வாசிச்சதுக்கு மார்க் போச்சு. சனிக்கிழமைன்னு ஒத்துக்கிட்டிருந்தா அப்பவே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். காலைலேருந்து நாலு பேர் ஒத்துக்கிட்டாங்க" என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

அலுவலகத்திலிருந்து போன். "சீக்கிரமே சொல்றோம்மா."

"எந்தத் தேதிங்க?" என்று கேட்டுவிட்டேன். எதிர்முனையில் சிரிப்பு.

"18, செவ்வாய். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."