47-ஆம் எண்காரரின் இரண்டு போசிகள்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் பால் சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர்கள் 143 பேர். காலை, மாலை இரண்டு வேளையும் போசியோடு வந்து நிற்பார்கள். எடை போட்டு, சாம்பிள் எடுத்து, மெஷினில் வைத்து கொழுப்பும், கொழுப்பு தவிர்த்த திடப்பொருளான எஸ்.என்.எஃப்.பும் பார்த்தால் கம்ப்யூட்டரில் ஒரு வரி ஏறும். ஜனவரி முதல் ஜூன் வரை அப்படிச் சேர்ந்த 46,000 வரிகளைச் செயலாளர் ஒரு பென் டிரைவில் கொடுத்தார். வெயில் காலத்தில் யாருக்கெல்லாம் பால் குறைந்தது, கொழுப்பு இறங்கியது என்று பார்த்து, அவர்களுக்கு முதலில் மாட்டுத் தீவனத்துக்கு நட கோ-4 புல் கரணை கொடுப்பதாகத் திட்டம். "இதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொடு கண்ணு" என்பதோடு சரி, வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று இரவே உட்கார்ந்து முடித்தேன். ஒரே தேதி, ஒரே வேளை, ஒரே உறுப்பினர் எண் இரண்டு முறை வந்தால் அது இரட்டைப் பதிவு என்று நானே வைத்துக்கொண்டேன்.

```python
df = df.drop_duplicates(subset=["date", "shift", "member"])
df = df[df["fat"] > 0]
```

முதல் வரியில் 2,318 வரிகள் போயின. அடுத்த வரியில் கொழுப்பு 0 என்று இருந்தவை எல்லாம் போயின. பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் செயலாளர் என் கணக்கை வாங்கி, மேஜையில் இருந்த டேங்கர் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மார்ச் 12 மாலை டேங்கரில் ஏற்றியது 600 லிட்டர். என் கணக்கில் 571. சாம்பிளுக்கு எடுப்பதில் ஒரு லிட்டர் முன்னே பின்னே வரலாம், 29 லிட்டர் வராது. அதுவும் ஊற்றியதைவிட ஏற்றியது அதிகமாக எப்படி இருக்கும்? அழிக்காத பழைய ஃபைலைத் திறந்து அந்த வேளையைக் கூட்டினோம். 606 லிட்டர். இப்போது 6 லிட்டர் அதிகம். ஆக, பழைய ஃபைலிலும் ஏதோ இருக்கிறது, நான் அழித்ததில் அதைவிடப் பெரிய தப்பு இருக்கிறது.

அந்த வேளையில் நான் அழித்த எட்டு வரிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். 47-ஆம் எண்ணுக்கு இரண்டு வரி: ஒன்றில் 6.4 லிட்டர், கொழுப்பு 4.1. இன்னொன்றில் 3.8 லிட்டர், கொழுப்பு 6.9. பால் பரிசோதிக்கிற அக்கா பார்த்த உடனேயே சொன்னார்: "அவரு ரெண்டு போசி கொண்டு வருவாருங்க. ஒண்ணு மாட்டுப்பாலு, ஒண்ணு எருமைப்பாலு. தனித்தனியாத்தானுங்க போடணும்."

எட்டில் ஏழு வரி இப்படித்தான். எட்டாவது 112-ஆம் எண். இரண்டு வரியிலும் 5.2 லிட்டர், கொழுப்பு 4.0, எஸ்.என்.எஃப். 8.4. நேரத்தைப் பார்த்தால் இடைவெளி 9 வினாடி. சீட்டு அச்சாகவில்லை என்று பொத்தானை மறுபடி அழுத்தியிருக்கிறார்கள். அடுத்த சாம்பிளை மெஷினில் வைத்து முடிவு வர அதைவிட நேரம் பிடிக்கும் என்பதால் 9 வினாடியில் இரண்டாவது போசியை அளந்திருக்க வழியே இல்லை. அதுதான் நிஜமான இரட்டைப் பதிவு. அந்த 5.2-ஐ எடுத்துவிட்டால் 606 போய் 601 வருகிறது. ரிஜிஸ்டரோடு ஒட்டிப் போகிறது.

அப்புறம் கொழுப்பு 0. இதில்தான் எனக்குப் பதற்றமே வந்தது. அந்த வரிகளில் பெரும்பகுதி ஏப்ரலில் ஒன்பது நாட்களில் குவிந்திருந்தன. மெஷின் பழுதாகி ரிப்பேருக்குப் போயிருந்த நாட்கள் அவை. பால் வாங்கியது நிஜம், பரிசோதிக்கத்தான் முடியவில்லை. அதனால் 0 என்று போட்டு, முந்தைய நாட்களின் சராசரியை வைத்து விலை கொடுத்திருக்கிறார்கள். அந்த 0-வுக்கு அர்த்தம் "அளக்கவில்லை".

வேளைக்கு 5 லிட்டர் ஊற்றுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் 60 வேளை, 300 லிட்டர். கொழுப்பு 4.1. நான் செய்தபடி 0 வரிகளை அழித்தால் 18 வேளை போய்விடும், மாதத்துக்கு 210 லிட்டர்தான் நிற்கும். வெயிலில் பால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது போலத் தெரியும். அழிக்காமல் 0-வை எண்ணாகவே விட்டால் லிட்டர் சரியாக இருக்கும், கொழுப்பின் சராசரி 2.87 ஆகிவிடும். வெயிலில் கொழுப்பு இறங்கிவிட்டது போலத் தெரியும். இரண்டு வழியிலும் பால் ஊற்றுகிற அத்தனை பேரும் கரணைப் பட்டியலில் வந்துவிடுவார்கள். வெயில் காலத்தில் பாலும் கொழுப்பும் குறைவது வழக்கம் என்பதால் யாருக்கும் சந்தேகமும் வந்திருக்காது. ரிஜிஸ்டர் அன்று மேஜையில் இருந்ததால் தப்பித்தோம்.

சரி, இனி ஒரு வரியையும் தொடுவதில்லை என்று முடிவு செய்து, செயலாளரும் அக்காவும் நானும் ஒரு தாளில் எழுதினோம். லிட்டர் கணக்குக்கு எது அழுக்கு, கொழுப்புக் கணக்குக்கு எது அழுக்கு என்று தனித்தனியாக. கொழுப்பு 0 என்பது லிட்டர் கணக்கில் நல்ல வரி. கொழுப்புக் கணக்கில் அது வெற்று. கொழுப்பு 6-க்கு மேல் போனால் அது எருமைப்பால், அப்படியே இருக்கட்டும். இரட்டைப் பதிவு என்றால் எல்லா எண்ணும் ஒன்றாக இருந்து, இடைவெளி 20 வினாடிக்குள் இருக்க வேண்டும்.

இதை எழுதும்போதே அக்கா ஒன்றைப் பிடித்தார். மெஷின் இல்லாத நாட்களில் நோட்டில் எழுதிவைத்து, ராத்திரி மொத்தமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்களாம். அன்றைக்கு வினாடி இடைவெளிக்கு ஒரு அர்த்தமும் இல்லை, ஒருவர் கொண்டுவந்த இரண்டு போசியும் சம அளவாக இருந்தால் இரட்டைப் பதிவு மாதிரியே தெரியும். ஆகவே அந்த விதி மெஷின் ஓடிய நாட்களுக்கு மட்டும் என்று சேர்த்தோம்.

```python
same = ["date", "shift", "member", "litre", "fat", "snf"]
df = df.sort_values("time")
gap = df.groupby(same)["time"].diff()
df["dup"] = (gap < pd.Timedelta(seconds=20)) & (df["fat"] > 0)
df["fat_ok"] = df["fat"].mask(df["fat"] == 0)
```

எதையும் அழிக்கவில்லை. `dup` என்று அடையாளம் மட்டும், கொழுப்புக்குத் தனிப் பத்தி. பழைய எண் பக்கத்திலேயே இருக்கும், யார் கேட்டாலும் காட்டலாம். ஆறு மாதத்துக்கும் நிஜமான இரட்டைப் பதிவு 64 தான் இருந்தது. 2,318-ல் மற்றதெல்லாம் யாரோ கறந்து, சுமந்து கொண்டுவந்த பால்.

மெஷின் ஓடிய வேறு நாட்களில் நோட்டைப் பார்த்துக் கையால் ஏற்றியதில் ஐந்து வரிகளில் கொழுப்பு 41, 39 என்று இருந்தது. புள்ளி விட்டுப்போயிருக்கும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனாலும் நோட்டை எடுத்துப் பார்த்தோம். மூன்றில் 4.1, 3.9, 4.1 என்று தெளிவாக எழுதியிருந்தது, `fat_ok`-ல் திருத்தினேன். மற்ற இரண்டும் இருந்த பக்கத்தில் பால் கொட்டி மை பரவியிருந்தது. அவற்றை வெற்றாக விட்டேன்.

புதுக் கணக்கில் ஏப்ரல், மே மாதங்களில் நிஜமாகவே பால் குறைந்தவர்கள் 31 பேர். அந்தப் பட்டியலில் 47-ஆம் எண்காரரும் இருந்தார். மே 3-க்குப் பிறகு அவருடைய இரண்டாவது வரியே இல்லை. ஏதாவது பதிவு விட்டுப்போயிருக்குமோ என்று அக்காவிடம் கேட்டேன்.

"எருமை நெறஞ்ச சினைங்க. பால் வத்திருச்சு. ஆடியில கன்னு போட்ருமுங்க."

அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மீதி 30 பேருக்கும் அதே மாதிரி ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தோம்.