8 மி.மீ. 10 மி.மீ. ஆனால் என்ன அர்த்தம்? ரேடியாலஜி பிராக்டிகலுக்கு ஒரு நுரையீரல் கேஸ்

வேலூரில் ரேடியாலஜி படித்த காலத்தில் பிராக்டிகலுக்கு நாங்கள் அதிகம் பேசிப் பழகியது நுரையீரல் நாட்யூல் கேஸ்தான். படத்தில் நாட்யூலைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை. "சைஸ் எவ்வளவும்மா? எப்படி அளந்தீங்க?" என்று எக்ஸாமினர் கேட்கும்போதுதான் பலரும் திணறுவார்கள். நான் தயாரித்த மாதிரி கேஸ் ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

குடியாத்தம் பக்கத்துப் பெரியவர், வயது 61, பல வருடமாக பீடி பிடிப்பவர். வலது மேல் மடலில் ஒரு திட நாட்யூல். முதலில் லங் விண்டோவுக்குப் போங்கள். மீடியாஸ்டைனல் விண்டோவில் ஓரம் கரைந்து நாட்யூல் சிறியதாகத் தெரியும். 1 மி.மீ. ஸ்லைஸில் அது மிகப் பெரிதாகத் தெரியும் படத்தை எடுத்து, நீளமான குறுக்களவைப் போடுங்கள். அதே படத்தில் அதற்குச் செங்குத்தாகக் குறுகிய அளவு. இங்கே 9, 7. சராசரி 8 மி.மீ., இதைத்தான் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். ஃப்ளைஷ்னர் சொசைட்டியின் 2017 வழிகாட்டல் சொல்லும் முறையும் இதுதான். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முட்களைக் காலிப்பருக்குள் இழுத்துக்கொள்ளாதீர்கள்; நாட்யூலின் உடம்பை மட்டும் அளந்துவிட்டு, முட்கள் இருப்பதைத் தனியாக எழுதுங்கள்.

அந்த முட்கள் ஏன் முக்கியம் என்று கேட்டால், "மாலிக்னன்சிக்கு அறிகுறி சார்" என்று நிறுத்திவிடாதீர்கள். கட்டி செகண்டரி லாபியூல்களுக்கு இடையிலுள்ள செப்டா வழியாகவும் நிணநீர்க் குழாய்கள் வழியாகவும் வெளியே ஊடுருவுகிறது; கூடவே அது தூண்டும் ஃபைப்ரோசிஸ் சுற்றியுள்ள திசுவை உள்ளே இழுக்கிறது. சிடியில் நாம் பார்க்கும் கோடுகள் இந்த இரண்டும் சேர்ந்தவை. ஒழுங்கான, வழவழப்பான ஓரம் இருந்தால் சந்தேகம் குறையும். ஆனால் மெட்டாஸ்டாசிஸும் வழவழப்பாக இருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பிவிட முடியாது.

இப்போது அடுத்த சிடி. 180 நாள் கழித்து அளவு 11, 9; சராசரி 10 மி.மீ. "ரெண்டு மில்லிமீட்டர்தானே?" என்று எக்ஸாமினர் சீண்டுவார். நாட்யூலை உருண்டை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 8 மி.மீ. உருண்டையின் கன அளவு சுமார் 268 கன மி.மீ., 10 மி.மீ. உருண்டைக்கு சுமார் 524. விட்டம் கால் பங்கு கூடியதற்குள் கட்டி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. இரட்டிப்பாகும் காலம்:

```
180 × ln 2 / ln (524/268) ≈ 186 நாள்
```

திடமான நுரையீரல் புற்றுநோய்கள் பெரும்பாலும் 100 முதல் 400 நாளுக்குள் இரட்டிப்பாகும். ஒரு மாதத்துக்குள் இரட்டிப்பானால் தொற்று என்று முதலில் நினைக்கலாம். திட நாட்யூல் இரண்டு வருடம் மாறாமல் இருந்தால் நிம்மதி; கிரவுண்ட் கிளாஸ் வகைக்கு அது போதாது, ஐந்து வருடம் வரை பார்க்க வேண்டும்.

ஆனால் 2 மி.மீ.க்குக் குறைவான வித்தியாசத்தை வளர்ச்சி என்று சொல்லாதீர்கள். இரண்டு பேர் அளந்தாலே அவ்வளவு மாறும். நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல்: ஆம்பூரிலோ அரக்கோணத்திலோ எடுத்த பழைய சிடி 5 மி.மீ. ஸ்லைஸாக ஃபிலிமில் வரும். தடித்த ஸ்லைஸில் சிறிய நாட்யூல் பக்கத்துக் காற்றோடு கலந்து மங்கிவிடும். புதிய மெல்லிய ஸ்லைஸில் அது "வளர்ந்த" மாதிரி இருக்கும். முடிந்தால் பழைய படம் பதிந்த டிஸ்க்கைக் கேட்டு வாங்கி, மெல்லிய ஸ்லைஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதிய படத்தையும் 5 மி.மீ.க்கு ரீகன்ஸ்ட்ரக்ட் செய்து இரண்டையும் ஒரே விண்டோவில் நீங்களே மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். கடைசியாக எடுத்ததோடு மட்டுமல்ல, கிடைக்கிற மிகப் பழைய படத்தோடும். மெதுவாக வளர்வது அப்போதுதான் பிடிபடும்.

அடுத்த கேள்வி நிச்சயம் டிபி. டியூபர்குலோமாவும் மேல் மடலில்தான் அதிகம் வரும், அதற்கும் முட்கள் இருக்கலாம், பெட் சிடியிலும் அது பளிச்சென்று எரியும். சுற்றிலும் சாட்டிலைட் நாட்யூல்கள், உள்ளே கால்சியம் இருந்தால் டிபி பக்கம் சாயலாம். நம் பெரியவருக்கு அவை இல்லை. வயது, பீடி, மேல் மடல், முட்கள், 186 நாள் எல்லாம் புற்றுநோய்ப் பக்கமே நிற்கின்றன. ஆகவே, "டிபி மருந்து கொடுத்துப் பார்க்கலாம்" என்று காத்திருக்கச் சொல்லக் கூடாது. "திசுப் பரிசோதனை தேவை" என்று எழுத வேண்டும். ஊசியில் எடுக்கும் திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் செய்ய முடியாது. அதனால் ஒரு துண்டை சலைனில் தனியாக எடுத்து டிபி கல்ச்சருக்கும் சிபிநாட்டுக்கும் அனுப்பும்படி ரிப்போர்ட்டிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.