சின்னவளின் கொப்பி

நவம்பர் 4

பல்கலைக்கழகக் கடிதம் இன்றைக்கும் இல்லை.

நவம்பர் 5

சின்னவள் பௌதிகவியல் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வரிகளுக்கு மேலே பென்சிலால் ஆங்கிலச் சொற்கள். ஆரோ வட்சப்பில் போட்ட சொற்பட்டியலைப் பார்த்து எழுதினதாம். முதல் பக்கத்திலேயே, திணிவு 2 கிலோகிராம், புவியீர்ப்பு ஆர்முடுகல் 10, ஆகவே நிறை 20 நியூற்றன் என்ற கணக்கு. நிறைக்கு மேலே ‘மாஸ்’ என்று கிடந்தது. திணிவுக்கு மேலே ஒன்றுமில்லை. அந்தச் சொல் பட்டியலில் இல்லையாம். ஆர்முடுகலும் இல்லையாம்.

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களை வைத்துச் செய்தது. அங்கே படித்த பிள்ளைக்கு அதில் ஒரு பிழையும் இல்லை. அவர்களுக்கு நிறை என்றால் மாஸ், எடை என்றால் வெயிற். எங்கள் இலங்கைப் புத்தகத்தில் திணிவுதான் மாஸ், நிறை வெயிற். முடுக்கம் என்று அவர்கள் எழுதுவதை நாங்கள் ஆர்முடுகல் என்கிறோம். ஆர்முடுகலால் ஆபத்தில்லை. பட்டியலில் அகப்படாது, இடம் வெறுமையாக நிற்கும், பிறகு தேடிக்கொள்ளலாம். நிறை அப்படியில்லை. அங்கேயும் இருக்கு, இங்கேயும் இருக்கு, பொருள் வேறு. கை தானாக எழுதிவிட்டுப் போய்விடும்.

இரவு முழுக்க இதுதான் மண்டைக்குள். இன்னும் எத்தனை பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாளோ.

நவம்பர் 6

மின்னியல் பகுதியில் ‘அழுத்த வித்தியாசம் 12 வோல்ற்று’ என்ற வரிக்கு மேலே ‘பிரெஷர் டிஃபரன்ஸ்’. சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்களுக்கு பிரெஷர் என்பது அமுக்கம், அழுத்தம் என்பது பொட்டென்ஷல். பட்டியலில் அழுத்தம்தான் பிரெஷர்.

“அப்ப ஒவ்வொரு சொல்லையும் உங்களிட்டயே கேக்கிறதே அக்கா?”

நியாயமான கேள்வி. நான் பம்பைமடுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் அவளுக்குப் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

நவம்பர் 7

மழை. அப்பா வயலுக்குப் போகவில்லை.

அவளுக்கு ஒரு வழி சொன்னேன். சொல்லைப் பார்க்காதே, அலகைப் பார். கிலோகிராம் நின்றால் அது மாஸ், பட்டியல் என்ன சொன்னாலும். நியூற்றன் நின்றால் மாஸ் ஆக முடியாது. பஸ்கால் என்றால் பிரெஷர், வோல்ற்று என்றால் பொட்டென்ஷல். யூல் சக்திக்கு, அதை எனர்ஜி என்று எழுது. உவாற்று வலுவுக்கு, அது பவர். வலுவைத் தமிழ்நாட்டில் திறன் என்பார்கள், அதனால் அந்தச் சொல்லும் பட்டியலில் அகப்படவில்லை. அலகுக்கு இந்தத் தகராறு இல்லை. கொப்பியிலும் N தான், அங்கேயும் N தான்.

பின்னேரத்துக்குள் தானே இருந்து பத்துப் பக்கம் வரை திருத்திவிட்டாள். நான் பக்கத்தில் இருந்து பயறு புடைத்தேன்.

நவம்பர் 8

இரவு யானை வெடி. ஒருத்தரும் நித்திரை இல்லை.

நவம்பர் 10

அலகு கைவிடுகிற இடம் வந்துவிட்டது. கதியும் வேகமும். இரண்டுக்கும் செக்கனுக்கு மீற்றர்தான். பட்டியலில் வேகம் ஸ்பீட், திசைவேகம் வெலோசிற்றி. எங்களுக்குக் கதி ஸ்பீட், வேகம் வெலோசிற்றி. கொப்பி முழுக்க வேகத்துக்கு மேலே ஸ்பீட் என்று எழுதி வைத்திருக்கிறாள், இயக்கச் சமன்பாடுகள் உட்பட.

“ரெண்டும் ஒண்டுதானே, ஆர் பாக்கப்போயினம்?” என்றாள்.

சொல்லிப் புரியாது என்று ஒரு கணக்குப் போட்டேன். 400 மீற்றர் வட்ட ஓடுபாதை. ஒரு பிள்ளை 80 செக்கனில் ஒரு சுற்று ஓடித் தொடங்கின இடத்துக்கே வந்து நிற்கிறது. ஓடின தூரம் 400, ஆகவே சராசரிக் கதி செக்கனுக்கு 5 மீற்றர். தொடக்கமும் முடிவும் ஒரே இடம், இடப்பெயர்ச்சி பூச்சியம், ஆகவே சராசரி வேகம் பூச்சியம். இப்போது உன்ரை பட்டியல்படி கடைசி வரியை ஆங்கிலத்தில் வாசி என்றேன். வாசித்தாள். மூச்சு வாங்க ஓடின பிள்ளையின் சராசரி ஸ்பீட் பூச்சியம்.

பேசாமல் அழிறப்பரை எடுத்தாள்.

எங்கே சந்தேகமோ அங்கே திசை சொல்லியிருக்கா, இடப்பெயர்ச்சியை வைத்துக் கணித்திருக்கா என்று பார்க்கவேண்டும். இருந்தால் வெலோசிற்றி. ‘வடக்கு நோக்கி’ என்று வந்தாலும், விடையில் சயக் குறி, மைனஸ், வந்தாலும் வெலோசிற்றிதான், ஸ்பீட் சயமாக வராது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கே அலுத்துவிட்டது. இந்த ஒரு சோடிச் சொல்லுக்கு ஒரு நாள் போய்விட்டது.

நவம்பர் 11

கடிதம் இல்லை. அம்மா நேர்த்தி வைக்கிறா.

நவம்பர் 13

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் விஞ்ஞானப் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கு. இரண்டையும் போனில் இறக்கிவிட்டேன். இதை முதலே செய்யச் சொல்லியிருந்தால் அவள் செய்திருக்கமாட்டாள், பட்டியல் சுகம் என்று இருந்திருப்பாள். பக்கத்தை வைத்துத் தேடினால் வழுக்கும், தமிழ் கொஞ்சம் நீளம். அத்தியாயத்தைப் பிடித்து, அதற்குள் படத்தைப் பிடித்தால் சொல் கையில் வந்துவிடும். கடந்தகால வினாத்தாளும் அப்படித்தான், வினா இலக்கம் மூன்று மொழியிலும் ஒன்று. அதில் கூடுதலாக ஒரு இலாபம், ‘கணிக்க’, ‘உய்த்தறிக’, ‘வரையறுக்க’ என்கிற சொற்களுக்கு ஆங்கிலத்தில் என்ன போடுகிறார்கள் என்று தெரியும். பட்டியல் போடுகிறவர்கள் அதைத் தொடுவதேயில்லை. பரீட்சையில் முதலில் வாசிக்கிறது அதைத்தான்.

சார்ஜ் இல்லை. கரண்ட் எப்ப வருமோ.

நவம்பர் 15

உயிரியல் கொப்பி. இதயப் படம். சுவாசப்பை நாடிக்கு மேலே ‘பல்ஸ்’ என்று எழுதியிருக்கிறாள். எங்களுக்கு நாடி ஆட்டரி, நாளம் வெயின். அங்கே தமனி, சிரை. நாடி என்றால் அங்கே கையைப் பிடித்துப் பார்க்கிற துடிப்பு. நாளம் என்றால் பொதுவாகக் குருதிக்குழாய், அதனால் நாளம் வருகிற இடமெல்லாம் ‘வெசல்’ என்று போயிருக்கு.

இங்கே அலகே இல்லை. ஒட்சிசன் கூடின குருதி ஓடுவது ஆட்டரி என்று வைத்துத் திருத்தப் பார்த்தாள். நல்லவேளை, சுவாசப்பையில் வந்து இடித்தது. அங்கே நாடியில் போவதுதான் ஒட்சிசன் குறைந்த குருதி. அம்புக்குறியைப் பார் என்றேன். இதயத்தை விட்டு வெளியே போனால் ஆட்டரி, இதயத்துக்குத் திரும்பி வந்தால் வெயின். இந்தப் படத்தில் அது எந்த இடத்திலும் பொய்க்காது.

அம்மா எட்டிப் பார்த்து, “உந்தப் படத்திலை சீவன் எங்க பிள்ளை இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனா.

நவம்பர் 16

கடிதம் வந்துவிட்டது. பதிவுக்குத் திங்கள் போகவேண்டும். அம்மா அழுதுகொண்டு புட்டு அவித்தா.

நவம்பர் 17

இரசாயனவியல் தொடவேயில்லை. இரவு அரிக்கன் லாம்பில் அமில மூலப் பகுதியை மட்டும் பார்த்தோம். எங்களுக்கு மூலம் பேஸ், நீரில் கரைகிற மூலம் காரம், அது அல்கலி. பட்டியலில் காரம்தான் பேஸ். ‘செப்பு ஒட்சைட்டு ஒரு மூலம், ஆனால் காரமன்று’ என்ற வரியைக் காட்டினேன். அது அமிலத்தோடு தாக்கும், நீரில் கரையாது. பட்டியலை நம்பினால் செப்பு ஒட்சைட்டு பேஸ் இல்லை என்று எழுதவேண்டி வரும். அவளே “அப்ப இது அல்கலி இல்லை எண்டு வரோணும்” என்று அடித்து எழுதினாள். மூலகம் எலமென்ற், மூலக்கூறு மொலிகியூல், இந்த இரண்டையும் மூலத்தோடு குழப்பாமல் பிரித்து எழுத ஒரு பக்கம் விட்டிருக்கு.

நவம்பர் 18

அப்பா ஐந்தரை பஸ்சுக்கு இறங்கச் சொல்லுறார். சேதனப் பகுதி அப்படியே கிடக்கு. கொப்பியையும் பையில் வைத்துவிட்டேன், பென்சில்