எஃப்டியை உடைத்தால் அசலிலும் கை வைப்பார்களா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிற எங்கள் அத்தை, 2 லட்சம் போட்ட எஃப்டியை உடைத்தார், கைக்கு வந்தது 1,97,000. "அசலையே குறைச்சிட்டாங்கடா"ன்னு ஒரே புலம்பல். ஸ்டேட்மென்டை வாங்கிப் பார்த்தேன்.

மூன்று வருஷ டெபாசிட், 7 சதவீதம், காலாண்டு வட்டி 3,500 வீதம் நான்கு முறை, மொத்தம் 14,000 ஏற்கெனவே வந்துவிட்டது. சரியாக ஒரு வருஷம் முடிந்ததும் உடைத்ததால் 7 சதவீதம் செல்லாது; ஒரு வருஷ டெபாசிட்டுக்கு என்ன வட்டியோ அதில் அபராதம் கழித்துத்தான் கணக்கு (ஒரு நாள் முன்னால் உடைத்திருந்தால் அதற்கும் கீழே உள்ள வட்டிதான்). கூடுதலாகக் கொடுத்ததை அசலில் பிடித்துக்கொள்வார்கள். அதுவரை நியாயம்தான்.

ஆனால் ஸ்டேட்மென்டில் 5.5 சதவீதம் என்று மட்டும் இருந்தது, எங்கிருந்து வந்தது என்று இல்லை. ரசீதின் பின்பக்கத்தில் அபராதம் 0.5. அத்தை பணம் போட்ட அன்று ஒரு வருஷ வட்டி 6.5, இன்றைக்கு 6. ஆக இன்றைய வட்டியில் கழித்திருக்கிறார்கள். பணம் போட்ட தேதியின் வட்டியில்தான் கழிக்க வேண்டும் என்று அதே ரசீதிலேயே இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 6 சதவீதம், வட்டி 12,000, பிடிக்க வேண்டியது 3,000 இல்லை, 2,000தான்.

பழைய வட்டி அட்டவணையைத் தேதியோடு இணைத்து மேனேஜருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.