புதன்கிழமை மட்டும் ஒன்றரை மணிக்கு

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்தது. அடுத்து பாக்லிடாக்சல் மருந்து, வாரம் ஒரு முறை, மொத்தம் 12 வாரம் என்றார் டாக்டர். எங்கள் ஆபீசில் மாதத்துக்கு இரண்டு பெர்மிஷன், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்தான். “சார், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அப்பப்ப லேட்டாகும்” என்று மேனேஜரிடம் சொன்னேன். “பாத்துக்கலாம்மா” என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட முடியவில்லை. கேட்டதே தெளிவாக இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

முதல் வாரம் லீவு போட்டேன். காலை 7 மணிக்கு டோக்கன். முந்தின நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் போதுமான அளவு இருந்தால்தான் மருந்து. ஒவ்வாமை வராமலிருக்க முதலில் சில ஊசிகள், கொஞ்ச நேரம் காத்திருப்பு, பிறகு ஒரு மணி நேரம் டிரிப்ஸ். நரம்பு கிடைக்காமல் நர்ஸ் அம்மாவின் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அம்மா என் முகத்தைப் பார்த்து, “ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலையேடி?” என்றார். வெளியே வரும்போது மணி 12. மதியத்துக்கு மேல் அக்கா பார்த்துக்கொள்வாள்.

மறுநாள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். புதன்கிழமை மட்டும் ஒன்றரைக்கு வந்து எட்டரை வரை இருப்பேன். குறையும் இரண்டு மணி நேரத்தை வியாழனும் வெள்ளியும் ஈடுகட்டுவேன். இன்னும் 11 புதன். அணுக்கள் குறைந்து தள்ளிப்போனால் கூட இரண்டு. நான் ஜிஎஸ்டி வேலை பார்ப்பதால் 11, 20 தேதிகள்தான் அவருக்குக் கவலை. அவை புதனில் வந்தால் செவ்வாய் இரவே ரிட்டர்ன் போட்டுவிடுவேன் என்றும் எழுதியிருந்தேன். சார் சிகிச்சை முடியும் தேதியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். “முடியற தேதி தெரிஞ்சா நான் மேல பேசிடுவேன், போயிட்டு வாம்மா” என்றார்.

ஆனால் அந்த மாதச் சம்பளத்தில் இரண்டு அரை நாள் பிடித்துவிட்டார்கள். 11 மணிக்கு மேல் விரல் வைத்தால் பஞ்ச் மெஷின் தானாகவே அரை நாள் லீவு என்று போட்டுவிடும். சார் வாயால் சொன்ன அனுமதி எச்.ஆருக்குப் போய்ச் சேரவே இல்லை. அன்றே அவர் தேதிகளோடு மெயில் போட்டு, புதன்கிழமைக்கு மட்டும் என் ஷிஃப்டை மாற்ற வைத்தார். பிடித்த பணம் அடுத்த மாதம் வந்தது. அந்த மெயிலை முதல் நாளே நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

ஐந்தாவது வாரம் அணுக்கள் குறைந்து மருந்து தள்ளிப்போனது. செவ்வாய் மாலை ரிப்போர்ட் வந்ததும், “நாளைக்கு வழக்கமான நேரத்துக்கே வர்றேன் சார்” என்று செய்தி அனுப்பினேன். புதன் காலை ஒன்பதரைக்கு நான் உட்கார்ந்தபோது, அவர் என் மேசை அருகே வந்து முதலில் கேட்டது, “அம்மா பயந்துட்டாங்களா?”